முன்பல் போன இடம்: முதலில் இடைவெளியைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. 3 மாதத்துக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று போய்விட்டது, நிரந்தரப் பல். ஈறு உள்வாங்குகிறது, பேச்சில் காற்று வருகிறது, சிரிப்பதையே விட்டுவிட்டாள். இப்போதே இம்பிளாண்ட் வைத்துவிடலாமா? இன்டர்நெட்டில் வாங்கிய, சுடுநீரில் உருக்கி ஒட்டும் பல்லைத்தான் இப்போது வைக்கிறோம்.

பதில்: அந்த ஒட்டுப்பல்லை இன்றே நிறுத்துங்கள். தூக்கத்திலோ விளையாட்டிலோ கழன்றால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இம்பிளாண்டும் இப்போது கூடாது. தாடை வளர வளர மற்ற பற்கள் அதோடு சேர்ந்து கீழே இறங்கும். எலும்போடு ஒட்டிவிட்ட இம்பிளாண்ட் வைத்த இடத்திலேயே நிற்கும். வேறெங்கோ 13 வயதில் அதை வைத்துக்கொண்ட ஒரு பையன் 19 வயதில் என்னிடம் வந்தான். அந்தப் பல் பக்கத்துப் பல்லைவிடக் குட்டையாக, ஈறும் மேலேறி நின்றது. அதைச் சரிசெய்வது பெரும்பாடு. வளர்ச்சி முழுவதும் நின்ற பிறகே அதை யோசிக்க வேண்டும்.

ஈறு கொஞ்சம் உள்வாங்குவது இயல்பு. பேச்சில் வரும் காற்றும் பல் வைத்ததும் போய்விடும். நீங்கள் பயப்பட வேண்டியது இடைவெளி சுருங்குவதற்குத்தான். மேல் முன்பல் சுமார் 8.5 மில்லிமீட்டர் அகலம். பக்கத்துப் பற்கள் உள்ளே சாய்ந்து 6 மில்லிமீட்டராகிவிட்டால், எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் புதுப்பல் ஜோடிப் பல்லைப் போல இருக்காது. இருக்கும் முன்பல்லின் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டை வெட்டி, மாதம் ஒருமுறை இடைவெளியில் பிடித்துப் பாருங்கள். துண்டு இடித்தால் அந்த வாரமே பல் மருத்துவரிடம் போங்கள். முதலில் கிளிப் போட்டு இடத்தை விரிக்க வேண்டியிருக்கும்.

இடம் சரியாக இருந்தால், கழற்றி மாட்டும் தட்டில் ஒரு பல் வைக்கலாம். அல்லது பக்கத்து முன்பல்லின் பின்புறம் மட்டும் ஒட்டும் ஒற்றைச் சிறகு பிரிட்ஜ் வைக்கலாம். இரண்டு பக்கமும் ஒட்டினால் வளரும் பற்களைக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். ஜோடிப் பல்லை அப்படியே கண்ணாடியில் பார்த்ததுபோல் வடிவம் எடுக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் பல் நுனியில் இருக்கும் மெல்லிய அலைகள்கூட அதில் வர வேண்டும். அடிப்பாகம் உருண்டையாக ஈறை லேசாக அழுத்தினால், பல் ஈறிலிருந்தே முளைத்ததுபோல் தெரியும். தட்டையாக உட்கார்ந்தால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் கறுப்புக்கோடு விழும். வயது ஏற ஏற ஜோடிப் பல்லைச் சுற்றிய ஈறு மேலேறிப் பல் நீளமாகத் தெரியும். அதனால் வைத்த பல்லை நடுவில் மாற்றியமைக்க வேண்டிவரும். அதைத் தவறென்று எண்ண வேண்டாம்.

அப்புறம், இன்னொன்றையும் கேளுங்கள். பற்கள் நெருக்கமாக இருந்து, கிளிப்புக்காகச் சிறு கடைவாய்ப்பல் ஒன்றை எடுக்க வேண்டிய நிலை இருந்தால், அதையே முன்னால் நட்டு முன்பல் வடிவத்துக்கு மாற்றலாம். அது தாடையோடு சேர்ந்து வளரும், எலும்பையும் காக்கும். வேர் பாதியிலிருந்து முக்கால் பங்கு வளர்ந்திருக்கும்போது செய்தால் நன்றாகப் பிடிக்கும். உங்கள் மகள் இப்போது ஏறக்குறைய அந்த வயதில்தான் இருக்கிறாள். எக்ஸ்ரே எடுத்து வேரைப் பார்க்கச் சொல்லுங்கள்.