கொம்பு ஒரு வரி, கால் ஒரு வரி

கேள்வி: தூண் போர்டுகளில் எழுத்துக்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தால் எனக்குச் சட்டென்று படிக்க வரவில்லை. கண்ணில் கோளாறா?

கண் டாக்டரிடம் போக வேண்டாம். பாதிக்கு மேல் எழுதினவர்கள் கோளாறு. நான் பிரஷ் பிடித்து போர்டு எழுதின ஆள், இப்போதும் எழுதுகிறேன். பொறாமையில் சொல்கிறேன் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

பைபாஸ் ஓரம் ஒரு கறிக்கடைக்காரர், ஆறடி உயரம் ஒன்றரையடி அகலப் பலகைக்கு ஃப்ளெக்ஸ் கடையில் போட்ட மாதிரியோடு என்னிடம் வந்தார். எழுத வேண்டியது 'நாட்டுக்கோழி'. நா, ட், டு, க், கோ, ழி என்று ஆறே எழுத்து. டிசைன் போட்ட பையன் கொம்பு, கால் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு என்டர் தட்டியிருக்கிறான். ந கீழே ா தனியாக, அப்புறம் ட், டு, க். அடுத்து ே ஒரு வரி, க ஒரு வரி, மறுபடி ா ஒரு வரி, கடைசியில் ழி. ஆறு எழுத்து ஒன்பது வரியாகிவிட்டது. ஓர் எழுத்துக்கு ஓரடி கிடைக்க வேண்டிய இடத்தில் எட்டு அங்குலம்தான் மிச்சம். தனியாக நிற்கும் கால் தூரத்துக்கு ர மாதிரியே தெரியும். பஸ்ஸில் போகிறவன் 'நரட்டுக்' என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் கடை பின்னால் போயிருக்கும்.

பழைய பாமினி வகை எழுத்துருவில் கொம்புக்குத் தனி விசை என்பதால் பிரித்தாலும் அது பேசாமல் இருக்கும். யூனிகோடில் கொம்பைத் தனியாக விட்டால் பக்கத்தில் புள்ளி வட்டம் வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நான் ஆறு கட்டமாகப் பிரித்தேன். இதில் தொல்லை பிடித்தது கோ. கொம்பு, க, கால் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் அடங்க வேண்டும். கொம்பையும் காலையும் ஒல்லியாக்கி க-வை மட்டும் மற்ற எழுத்தின் தடிமனுக்கு விட்டேன். எல்லா எழுத்தையும் நடுக்கோட்டில் நிறுத்தினேன், இடது ஓரம் பிடித்தால் கோணலாகத் தெரியும். ட், க் இரண்டுக்கும் தலைக்கு மேல் கொஞ்சம் கூடுதல் இடம். இல்லாவிட்டால் க் மேலே உள்ள புள்ளி டு-வின் அடியில் ஒட்டிக்கொண்டு யாருடையது என்றே தெரியாது.

நன்றாக எழுதினாலும் குறுக்கே படிக்கிற வேகம் வராது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். குறுக்கே எழுதினால் சொல்லை மொத்தமாகப் பார்த்தே பிடித்துவிடுகிறோம். இதில் எழுத்தெழுத்தாகக் கூட்ட வேண்டும். அதனால் நீளமான பெயருக்கு நான் இந்த வேலையை ஏற்பதில்லை. நீங்கள் படிக்கும்போது தனிக்கொம்பு கண்ணில் பட்டால் கீழே உள்ள எழுத்தோடு சேருங்கள், தனிக்கால் என்றால் மேலே உள்ளதோடு.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, முடிந்ததும் "புள்ளி வெச்ச எழுத்துக்கெல்லாம் காசாண்ணே?" என்று கேட்டு ட், க் இரண்டையும் கழித்துத்தான் கொடுத்தார் அந்தக் கறிக்கடைக்காரர்.