லாக் ஃபுட்டேஜ்: முதலில் எக்ஸ்போஷர், அப்புறம் லுக்

நெல்லைப் பக்கம் கல்யாணமும் கோயில் விழாவும் படம் பிடிக்கிறவர்கள் கேட்டவை இவை. பதில்கள் சோனி கேமராக்களின் எஸ்-லாக்3 பதிவு முறை, டாவின்சி ரிசால்வ் மென்பொருள் இரண்டையும் மனதில் வைத்துச் சொன்னவை.

அண்ணாச்சி, நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்த எஸ்-லாக்3ல எடுத்தேன். சினிமா லட் போட்டதும் வடம் இழுக்கிறவங்க வேட்டி எல்லாம் வெளுத்துப்போச்சு. லட் மோசமா? (டவுன்)

லட் மேல் குற்றமில்லை தம்பி. உள்ளே இன்ன எண் வந்தால் வெளியே இன்ன எண் என்று தரும் அட்டவணைதான் அது. உங்கள் கேமரா எவ்வளவு திறந்திருந்தது என்று அதற்குத் தெரியாது. சரியான எக்ஸ்போஷரில், 0 முதல் 1023 வரையுள்ள அளவில் சாம்பல் அட்டை 420-லும், வெள்ளைத்தாள் 598-க்குப் பக்கத்திலும் உட்காரும் என்று நம்பி அதைச் செய்திருக்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய கிளிப்பின் தொடக்கத்தில் அட்டை பிடித்தது நல்ல வேலை. வேவ்ஃபார்மில் அது 548-ல் நிற்கிறது. ஒரு ஸ்டாப்புக்குச் சுமார் 75 முதல் 80 எண் என்று கணக்கு வைத்தால், ஒன்றேமுக்கால் ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாகக் கூடியிருக்கிறது. வேட்டி 700-ஐத் தாண்டிவிட்டது. லட் அதையெல்லாம் உச்சியில் நசுக்கி ஒட்டிவிட்டது.

லட்டுக்கு முன்னால் ஒரு நோட் போடுங்கள். அதில் Offset சக்கரத்தை மட்டும் இறக்கி அட்டையை 420-க்குக் கொண்டுவாருங்கள். லாக்கில் ஒவ்வொரு ஸ்டாப்பும் ஏறக்குறைய ஒரே அகலம். அதனால் எல்லாவற்றையும் ஒரே அளவு கீழே நகர்த்தினால் லென்ஸின் துளையைச் சிறிதாக்கியது போலத்தான். Gain அப்படியல்ல, இழுத்துச் சுருக்கும். ஆழ்ந்த நிழலில் மட்டும் Offset கொஞ்சம் பொய் சொல்லும், கறுப்பு கூடுதலாக அமுங்கும். அப்போது Lift-ஐ ஒரு துளி தூக்குங்கள்.

இவ்வளவு செய்ததும் உங்கள் கிளிப்பில் வேட்டியின் மடிப்பு தெரிகிறது, பார்த்தேன். ஆனால் தேர்க் கலசத்தின் பளபளப்பு வேவ்ஃபார்மில் மேலே ஒரு நேர்கோடாக வெட்டுப்பட்டிருக்கிறது. அது திரும்பாது. இறக்கினால் சாம்பல் நிறத் தட்டையாகத்தான் வரும். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அட்டை பிடிக்க மறந்துட்டேன் அண்ணாச்சி. முகத்த 70 சதவீதத்துல வைக்கணும்னு வீடியோல சொல்றாங்களே? (பாளையங்கோட்டை)

அது வெளுத்த தோலுக்கும், லட்டுக்குப் பிறகு பார்க்கிற எண்ணுக்கும் சொன்னது. வெயிலில் வடம் பிடித்துக் கறுத்த முகத்தை அங்கே ஏற்றினால் சாம்பல் பூத்தது போல இருக்கும். நம்மவர்களில் பலர் முகம் அட்டை அளவிலோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். சட்டகத்தில் தார்ச்சாலை, கோயில் மதில், பிறகு வேட்டி மூன்றையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

லட்டுக்கு அப்புறம் Gain குறைச்சாலும் வெள்ளை இறங்குதே. ரெண்டும் ஒண்ணுதானே? (வண்ணார்பேட்டை)

பாதி சரி. வெளிச்சம் இறங்கும். ஆனால் லட் ஏற்கெனவே நெருக்கி ஒட்டிய எண்களை நீங்கள் கூட்டமாகவே கீழே தள்ளுகிறீர்கள், இடைவெளி திரும்புவதில்லை. ஒரே கிளிப்பை இரண்டு விதமாகவும் செய்து, வேட்டியைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. லுக் ஒன்று, ஷாட்கள் நாற்பது. ஒவ்வொரு ஷாட்டையும் அதன் நோட்டில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே லுக்கைப் போட முடியும்.

என் போன் வீடியோ மங்கலா இருக்கு. இதே 420 கணக்கு வருமா? (அம்பாசமுத்திரம்)

வராது. அது லாக்கில் எடுத்ததல்ல என்று நினைக்கிறேன், வெளிச்சக் குறைவாக இருக்கலாம். இந்த எண்கள் எஸ்-லாக்3-க்கு மட்டும்.

பணகுடி காற்றாலைகளுக்குப் பின்னால வானம் பட்டை பட்டையா வருது. எக்ஸ்போஷர சரி செஞ்சா போயிருமா? (வள்ளியூர்)

8 பிட்டில் எடுத்திருந்தால் போகாது. 256 படிகளுக்குள் லாக்கை அடைத்து, பிறகு கான்ட்ராஸ்டை விரிக்கும்போது படிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. லுக்கை மென்மையாக வைத்து, கொஞ்சம் கிரெயின் சேர்த்தால் ஓரளவு மறையும். அடுத்த முறை 10 பிட் இல்லாத கேமரா என்றால் லாக் வேண்டாம்.

லுக்க, ரெக்.709-க்கு மாத்துறதுக்கு முன்னால போடணுமா, பின்னாலயா? (தென்காசி)

நான் முன்னால் போடுகிறேன், லாக்கிலேயே வண்ணம் மென்மையாக விரிகிறது. என்னோடு வேலை செய்யும் ஒருவர் பின்னால்தான் போடுவார், கையில் பிடிபடுவது எளிது என்கிறார். இருவர் வேலையும் நன்றாகத்தான் வருகிறது. ஒன்று மட்டும் பாருங்கள்: ரிசால்வோடு வரும் ஃபிலிம் பிரின்ட் லட்கள் சினியான் லாக்கை எதிர்பார்ப்பவை. எஸ்-லாக்3-ஐ நேரே கொடுக்காமல், அதற்கு முன் Color Space Transform மூலம் Cineon Film Log ஆக்கிவிட்டுக் கொடுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் Offset நோட்.