பயிற்சியும் இல்லை, சரக்கும் இல்லை: ஃபிரான்சைஸ் கட்டணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: 3 லட்சம் ரூபாயும் அதற்கு 18% ஜிஎஸ்டியும் கட்டி டீக்கடை ஃபிரான்சைஸ் எடுத்தேன். 10 நாள் பயிற்சி, வாரம் ஒருமுறை டீத்தூள் சப்ளை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வந்தது ஒரு வீடியோ லிங்க்கும் இரண்டு லோடு சரக்கும்தான். ஐந்து மாதம் ஆகிவிட்டது. கடிதம் எப்படி எழுதுவது?

"ஏமாற்றிவிட்டீர்கள்" என்று தொடங்காதீர்கள். கம்பெனி பதில் சொல்ல வேண்டியது உங்கள் கோபத்துக்கு அல்ல, ஒப்பந்த ஷரத்துக்கு. பயிற்சி பற்றிய ஷரத்து எண், அது நடந்திருக்க வேண்டிய தேதி, நடந்தது என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்று வரிசையாக எழுதுங்கள். சப்ளைக்கும் அப்படியே. வாட்ஸ்அப்பில் "அடுத்த வாரம் ஆள் வருவார்" என்று அவர்கள் அனுப்பிய செய்தியைத் தேதியோடு சேருங்கள். அந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

அப்புறம், 15 நாளில் குறையைச் சரிசெய்யுங்கள், இல்லையேல் ஒப்பந்தத்தை முடித்துப் பணத்தைக் கேட்பேன் என்று எழுதுங்கள். ஒப்பந்தமே இதற்கு ஒரு கெடு சொல்லியிருந்தால் அந்தக் கெடுவைத்தான் கொடுக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். எதிர்த்தரப்பு தன் கடமையைச் செய்ய மறுத்தால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 39வது பிரிவு. ஆனால் நீங்கள் சொல்லாலோ செயலாலோ அது தொடரச் சம்மதித்திருந்தால் அந்த உரிமை கிடையாது. ஒன்றும் எழுதாமல் போர்டை மாட்டியபடி கடை நடத்திய ஐந்து மாதத்தை அவர்கள் சம்மதம் என்றுதான் காட்டுவார்கள்.

தொகையில் நிதானம் தேவை. அவர்கள் பெயரில் வியாபாரம் செய்த காலத்துக்குக் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள். எனவே முழுக் கட்டணத்தைக் கேளுங்கள். அது இல்லையென்றால் பயிற்சிக்கும் மீதிக் காலத்துக்கும் உரிய பங்கு என்று மாற்றுக் கோரிக்கையும் வையுங்கள். 54,000 ரூபாய் ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரவு எடுத்திருந்தால் அதை எப்படிக் கேட்பது என்று உங்கள் ஆடிட்டரிடம் முதலில் பேசுங்கள்.

கடிதத்தை ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும்.

கேள்வி: "கட்டணம் எந்த நிலையிலும் திருப்பித் தரப்படாது" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேனே?

நீங்களாக மனம் மாறி விலகினால் அந்த வரி அவர்களைக் காக்கும். அவர்களே ஒப்பந்தத்தை மீறியிருக்கும்போது, வேறு எதிர்வாதம் செய்ய உங்களுக்கு இடமுண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 73வது பிரிவின்படி, மீறலால் வந்த நஷ்டத்தை ஈடாகக் கேட்கலாம். வெளியில் கூடுதல் விலைக்கு வாங்கிய டீத்தூளின் பில்கள் அங்கே உதவும்.

கேள்வி: நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பிழைப்புக்காக நீங்களே உழைத்து நடத்தும் கடையானால் முயலலாம். முதலீடு போட்டு ஆள் வைத்து நடத்தினால் வணிக நோக்கம் என்று தள்ளிவிடுவார்கள்.

கேள்வி: பதிலே வரவில்லை. அடுத்து?

ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு ஷரத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன்படி நோட்டீஸ். இல்லாவிட்டால், 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிக வழக்குக்கு, அவசர நிவாரணம் கேட்காதபோது, முதலில் சட்டப்பணிகள் ஆணையத்தின் வழியாக சமரச முயற்சி கட்டாயம். பொதுவாக, மீறல் நடந்ததிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் போடுவதால் அந்தக் கெடு நீளாது.