மோட்டார் நின்ற பிறகும் இறங்கும் ராம்: பிரஸ் ஷாப் பாதுகாப்பு வகுப்புக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் 18 பவர் பிரஸ்கள் ஓடுகின்றன, எல்லாம் பழைய கீ கிளட்ச் வகை. மாதம் ஒருமுறை 40 நிமிடம் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். மேலிடத்தில் கொடுத்த 22 பக்க ஸ்கிரிப்டைத்தான் வாசிக்கிறேன். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுகிறார்கள். போன மாதம் ஒருவர் மாட்டிக்கொண்ட ஸ்கிராப்பை எடுக்க டைக்குள் கைவிட்டு விரல் நுனியை இழந்தார். அவரும் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்தான். ஸ்கிரிப்டை எப்படி மாற்றி எழுதுவது?

பதில்: முதலில் அந்த 22 பக்கத்தையும் ஒரு பேனாவோடு படியுங்கள். ஆபரேட்டர் தன் கையால் செய்ய வேண்டிய வேலையைச் சொல்லும் வரிகளுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். சட்டப் பிரிவுகள், நிறுவனக் கொள்கை, நிர்வாகத்தின் கடமை எல்லாம் கோடில்லாமல் நிற்கும். அவை கோப்பில் இருக்க வேண்டியவை, வகுப்பில் வாசிக்க வேண்டியவை அல்ல. மிஞ்சிய வரிகளிலிருந்தும் ஒரே ஒரு செயலை எடுங்கள். உங்களுக்கு அது எது என்பதில் சந்தேகமே வேண்டாம்: டையில் மாட்டிய ஸ்கிராப்பை எடுப்பது.

இப்போது இருக்கும் ஸ்கிரிப்டில் அந்த இடம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: ‘இயந்திரம் இயங்கும்போது பணியாளர்கள் டை பகுதியில் கைகளை நுழைப்பது முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும்.’ இதைக் கேட்டு யாரும் மறுக்கப் போவதில்லை. சிக்கல் ‘இயங்கும்போது’ என்ற சொல்லில் இருக்கிறது. மோட்டாரை ஆஃப் செய்தவர் மெஷின் நின்றுவிட்டதாகவே நினைக்கிறார். ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பெடலில் கால் பட்டால் கிளட்ச் அந்தச் சக்கரத்தைப் பிடித்து, மேல் டையைச் சுமக்கும் ராம் இறங்கும். கீ கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் முழு ஸ்ட்ரோக்கையும் முடிக்காமல் விடாது; பாதியில் காலை எடுத்தாலும் நிற்காது. ஆக, விதியை மீறாதவரின் விரலும் போகலாம். உங்கள் புது ஸ்கிரிப்ட் இந்த ஒரு உண்மையைச் சுற்றியே எழுதப்பட வேண்டும்.

வகுப்பு அறையில் வேண்டாம், பிரஸ் பக்கத்தில் நின்றுகொண்டு நடக்கட்டும். அக்கம்பக்கத்து மெஷின்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். சத்தத்தில் கத்திப் பேசினால் பாதி வார்த்தை போய்விடும். 40 நிமிடத்தை மாதத்துக்கு நான்கு பத்து நிமிடங்களாகப் பிரித்து, ஷிப்ட் தொடங்கும்போது வையுங்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவரை ஷிப்ட் முடிவில் நாற்காலியில் உட்காரவைத்தால் தூக்கம் வருவது அவர் குற்றம் அல்ல.

மேடைத் தமிழ் வேண்டாம். பேசுவதுபோலவே எழுதுங்கள்:

“ஸ்கிராப் டையில மாட்டிக்கிச்சு. மோட்டார ஆஃப் பண்ணிட்டீங்க. இப்ப கையை விடலாமா?”

இங்கே ஸ்கிரிப்டில் ‘நிறுத்தம்: ஐந்து வினாடி’ என்று எழுதிவையுங்கள். சிலர் “விடலாம்” என்பார்கள். சரி, தவறு எதுவும் சொல்லாதீர்கள். டை மாட்டும் செட்டர் மோட்டாரை ஆஃப் செய்வார், இடுக்கியால் ஒரு தகட்டை டையில் வைத்துவிட்டு விலகி நிற்பார், பெடலை மிதிப்பார். மோட்டார் ஓடாமலே தகட்டில் துளை விழும். அந்தத் தகட்டைக் கையோடு கை மாற்றிவிடுங்கள். பிறகுதான் அடுத்த வரி:

“மோட்டார் நின்னுச்சு, சக்கரம் நிக்கல. சக்கரம் நின்னாத்தான் மெஷின் நின்ன மாதிரி.”

இந்தச் செயல்விளக்கத்தை முந்தைய நாளே செட்டரோடு ஒத்திகை பாருங்கள். மோட்டார் ஆஃப் ஆன எத்தனை வினாடி வரை ராம் இறங்குகிறது, சக்கரம் முழுதாக நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அந்தந்த மெஷினில் அளந்து, அந்த எண்ணையே ஸ்கிரிப்டில் எழுதுங்கள். ஒரு பிரஸ்ஸின் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது. விளக்கும்போது மெஷினின் பாதுகாப்புத் தடுப்பு மாட்டியே இருக்க வேண்டும். செட்டரைத் தவிர மற்றவர்கள் இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

அடுத்துச் செய்முறை, நான்கு வரியில்: “மோட்டார் ஆஃப். சக்கரம் நிக்கிற வரைக்கும் பாருங்க. சேஃப்டி பிளாக்கை வைங்க. இடுக்கியால எடுங்க, கையால வேண்டாம்.” இந்த வரிசை மாறக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. சேஃப்டி பிளாக் என்பது ராமும் மேல் டையும் தானாக இறங்காமல் அவற்றின் எடையைத் தாங்குவதற்கானது. மெஷின் அடிக்கும் விசையைத் தாங்க அது செய்யப்படவில்லை. சக்கரம் சுற்றும்போது பிளாக்கை வைத்துவிட்டுப் பெடல் மிதிபட்டால் பிளாக் உடையலாம், தெறித்தும் போகலாம். பிளாக்கின் வயரில் ஒரு பிளக் இருந்து, அதைப் பிடுங்கினால்தான் பிளாக்கை எடுக்க முடியும், பிடுங்கியதும் மோட்டார் சர்க்யூட் துண்டிக்கப்படும் என்ற ஏற்பாடு இருந்தால் அதையும் காட்டுங்கள்.

இதற்கு முன்னால் நீங்கள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, என் கருத்தில் ஸ்கிரிப்டைவிட அதுதான் பெரியது. இடுக்கியும் பிளாக்கும் ஃபோர்மேன் அறையில் பூட்டிக் கிடந்தால் நீங்கள் சொல்வதை யாரும் செய்ய முடியாது. ஒவ்வொரு பிரஸ்ஸிலும் கை நீட்டினால் எட்டும் இடத்தில் மாட்டுங்கள். அதேபோல் சக்கரம் நிற்கக் காத்திருக்கும் நேரத்தால் ஆபரேட்டரின் உற்பத்தி எண்ணிக்கை குறைந்தால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். உற்பத்தி மேலாளரிடம் பேசி, அந்த நேரத்துக்கு உரிய எண்ணிக்கையை அவருடைய இலக்கிலிருந்து கழிக்க ஒப்புதல் வாங்குங்கள். வாங்கிய பிறகு ஸ்கிரிப்டில் ஒரு வரி: “இதுக்கு ஆகுற நிமிஷம் உங்க எண்ணிக்கையில குறையாது.” முடிந்தால் மேலாளரே வந்து இதைச் சொல்லட்டும்.

முடிவில் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். “புரிஞ்சுது சார்” என்ற ஒரே பதில்தான் வரும். ஒருவரைக் கூப்பிட்டு, வாய் திறக்காமல் நான்கு படியையும் செய்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் ஒவ்வொரு படியாக வாய்விட்டுச் சொல்லட்டும். இந்தி, ஒடியா பேசுபவர்கள் குழுவில் இருந்தால் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் முந்தைய நாளே நான்கு வரியையும் கொடுத்துப் பழகவையுங்கள். அந்த நேரத்தில் மொழிபெயர்க்கச் சொன்னால் ‘சக்கரம் நிக்கிற வரைக்கும்’ என்ற பகுதிதான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

ரத்தம் தோய்ந்த படங்கள் வேண்டாம். பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், படம் மனதில் நிற்கும், என்ன செய்ய வேண்டும் என்பது நிற்காது. விரல் இழந்தவரை உதாரணமாகப் பெயர் சொல்லிப் பேசவும் வேண்டாம்.

வகுப்பு பலித்ததா என்பது அன்றே தெரியாது. அடுத்த வாரம் வெவ்வேறு ஷிப்டில், அறிவிக்காமல் போய் நில்லுங்கள். ஸ்கிராப் மாட்டும் பத்துத் தடவையில் எத்தனை தடவை சக்கரம் நிற்கும் வரை காத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். காத்திருந்து, பிளாக்கை மட்டும் விட்டுவிடுகிறார்கள் என்றால் பிளாக் கைக்கு எட்டவில்லை அல்லது தூக்கக் கனமாக இருக்கிறது என்று பொருள். அதை எழுத்தால் சரிசெய்ய முடியாது, பிளாக்கை மாற்றுங்கள்.

இரண்டாவது வாரத்துக்கு டபுள் ஸ்ட்ரோக்கை எடுங்கள்: பெடலை விட்ட பிறகும் ராம் மறுபடி இறங்குவது, மேலே நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவது. பிரேக்கில் எண்ணெய் பட்டிருந்தாலோ கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ இது வரும். கண்டதும் மெஷினை நிறுத்தி மெயின்டனன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பதே அன்றைய ஒரே செயல். ஏர் கிளட்ச், ஹைட்ராலிக் பிரஸ்களுக்கு இந்தத் துளை விழும் விளக்கம் பொருந்தாது. அங்கே மின்சாரம் நின்ற பிறகும் ராம் தன் எடையால் இறங்கக்கூடும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.