வசூல் சண்டைக்கு ஒரு டம்ளர் மோர்

காட்பாடி ரசிகர்: வேலூரில் ஒரே தியேட்டர், இரண்டு படமும் அரங்கு நிறைந்த காட்சி. எங்கள் படம் 70,800 ரூபாய், அவர்கள் படம் 36,000. பாதிதானே ஐயா?

தம்பி, விநியோகஸ்தரின் பிரதிநிதியாகப் பல தியேட்டர்களில் டிக்கெட் அடிக்கட்டை எண்ணியவன் நான். அரங்கில் 500 இருக்கை, டிக்கெட் 120 ரூபாய் என்று வையுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 141 ரூபாய் 60 காசு. அரங்கு நிறைந்தால் 70,800. உங்கள் தரப்பு சொல்வது இந்த மொத்த வசூலை. ஜிஎஸ்டி போனால் 60,000. உள்ளாட்சி கேளிக்கை வரியை இங்கே சேர்க்கவில்லை. முதல் வாரம் 60 சதவீதம் என்று ஒப்பந்தம் இருந்தால், விநியோகஸ்தர் கைக்கு வரும் ஷேர் 36,000. அவர்கள் சொல்வது இதை. இரண்டும் ஒரே காட்சியின் கணக்கு. இதற்காகவா பேனரைக் கிழித்தீர்கள்?

சத்துவாச்சாரி வாசகர்: இருக்கை, காட்சி, டிக்கெட் விலை மூன்றையும் பெருக்கினால் உண்மை வசூல் வந்துவிடுமே?

பாதி சரி. வருவது உச்சவரம்புதான். அந்த அரங்கில் ஐந்து காட்சியும் நிறைந்தால் 3,54,000. ஒரே நாளில் ஐந்து லட்சம் என்று யாராவது சொன்னால், மடியில் உட்கார்ந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். மூன்று லட்சம் என்றால் பெருக்கல் உதவாது. மேலாளர் கையெழுத்திட்ட டி.சி.ஆர். என்னும் தினசரி வசூல் கணக்குத் தாளைத்தான் பார்க்க வேண்டும்.

குடியாத்தம் வாசகர்: செயலியில் எல்லா இருக்கையும் விற்றதாகக் காட்டியது. உள்ளே போனால் என் வரிசையில் நான் மட்டும்!

கால் நீட்டிப் பார்த்திருப்பீர்கள், கொடுத்து வைத்தவர். கவுன்டருக்கென்று ஒதுக்கிய இருக்கையும் செயலியில் விற்றதுபோலவே தெரியலாம். மன்றத்தார் மொத்தமாக வாங்கி விநியோகிக்காமல் விட்டிருந்தால், பணம் வந்திருக்கும், ஆள் வந்திருக்க மாட்டார். உங்கள் வரிசையில் நடந்தது எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

ஆம்பூர் வாசகர்: வசூல் என்றால், பைக் நிறுத்தக் கேட்கும் பணமும் சேருமா?

சேராது. வயிற்றெரிச்சல் நியாயம்தான். ஆனால் அந்தப் பணம் எந்த நாயகன் கணக்கிலும் ஏறாது.

ராணிப்பேட்டை ரசிகை: அப்படியானால் வட ஆற்காட்டில் யார்தான் முதலிடம்?

எந்த வட ஆற்காடு அம்மா? அரசு அதை 1989-ல் பிரித்தது. மிஞ்சிய வேலூரை 2019-ல் மூன்றாக்கியது. சினிமா வியாபாரத்தில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. செங்கல்பட்டு, தென் ஆற்காட்டோடு சேர்த்து என்.எஸ்.சி. என்று ஒரே ஏரியாவாக எழுதுவார்கள். ஒருவர் சென்னைப் புறநகர் வரை நீளும் அந்த ஏரியா முழுவதையும் கூட்டுகிறார். மற்றவர் வேலூர் நகரத்தை மட்டும் கூட்டுகிறார். இரண்டு படத்துக்கும் ஒரே ஊர், ஒரே வாரம், ஒரே வகைக் கணக்கு என்று தாள்களைக் கொண்டுவாருங்கள், தீர்ப்புச் சொல்கிறேன். இதுவரை யாரும் கொண்டுவரவில்லை.