விஸ்கி சவர் நுரையும் ஐஸ் இல்லாத குலுக்கலும்

விஸ்கி சவர் என்ற காக்டெய்லில் முட்டை வெள்ளைக்கரு எதற்கு? முதலில் ஐஸ் போடாமல் ஏன் குலுக்குகிறார்கள்?

வெள்ளைக்கருவில் தண்ணீர்தான் அதிகம்; மீதி பெரும்பாலும் சுருண்டு கிடக்கும் புரதங்கள். குலுக்கும்போது அவை விரிந்து, தண்ணீரோடு ஒட்டாத பகுதியைக் காற்றுப் பக்கம் திருப்பி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குமிழியைச் சுற்றி மெல்லிய தோலாகின்றன. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரிலும் புரதமும் சோப்புபோல நுரைக்கும் சபோனினும் நுரையைத் தாங்குகின்றன. முட்டை வாடைக்குப் பயப்படுபவர்களுக்கு அது நல்லது.

60 மில்லி பர்பன் விஸ்கி, 30 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு, ஒரு வெள்ளைக்கரு என்று வைத்துக்கொள்வோம். குளிரில் புரதம் சோம்பலாகத்தான் விரியும். அதனால் முதலில் ஐஸ் இல்லாமல் 15 விநாடி பலமாகக் குலுக்கி, அப்புறம் ஐஸ் போட்டுக் குளிரவைத்து வடிகட்டுங்கள். முதல் சுற்றில் மூடியை அழுத்திப் பிடியுங்கள். குளிர் இல்லாததால் ஷேக்கர் இறுகாது, சட்டை நனையும். நுரை பெரிய குமிழிகளாக வந்து சட்டென்று அடங்கினால், முதல் குலுக்கல் போதவில்லை.