எம்.பி.ஏ. கட்டணத்துக்கு முன் அந்தக் கேமரா பில்லைப் பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம் அது. மகள் பி.காம். முடித்தவர். தட்டுவடை செட் கடைகளையும் ஏற்காட்டுக் காபித் தோட்டங்களையும் வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறார். அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: "பெரியப்பா எட்டு லட்சம் லோன் போட்டாவது எம்.பி.ஏ. சேர்த்துடுங்கன்னு சொல்றார். வீடியோ எடுக்கறதை வேலைன்னு யார்கிட்ட சொல்றது? போன வருஷம் வருமான வரி கணக்கு போடறப்போ வீடே ரெண்டு நாள் அல்லோலகல்லோலப்பட்டுச்சு."

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்னதிலேயே பதிலும் இருக்கிறது. அந்த இரண்டு நாள் கலவரத்துக்குக் காரணம் மகள் தேர்ந்தெடுத்த வேலை இல்லை. அந்த வேலைக்குக் கணக்கு எழுதாமல் விட்டதுதான். எம்.பி.ஏ. அதைச் சரிசெய்யாது. சம்பாதிக்கத் தொடங்கிவிட்ட, அதையே விரும்புகிற பெண்ணை, உறவினரிடம் சொல்ல ஒரு பட்டம் வேண்டும் என்பதற்காக எட்டு லட்சம் கடனில் தள்ளுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருக்கு இப்போது தேவை தன் தொழிலுக்குத் தானே கணக்கு எழுதும் பழக்கம். பி.காம். படித்தவருக்கு அது புதிதும் இல்லை.

போன முறை என்ன நடந்தது என்று பார்த்தேன். ஒரு கடைக்கு விளம்பர வீடியோ செய்ததற்கு 60,000 ரூபாய் பேசியிருக்கிறார்கள். அந்தக் கடை 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு 54,000 அனுப்பியிருக்கிறது. மகள் பாஸ்புக்கைப் பார்த்து வருமானம் 54,000 என்று எழுதிவிட்டு, பிடித்த 6,000-ஐத் திருப்பிக் கேட்டிருக்கிறார். துறையின் கணக்கில் 60,000 என்று இருந்தது. வரியை மட்டும் கேட்டு, அதற்குரிய வருமானத்தைக் காட்டாததால் ரிட்டர்ன் குறைபாடு உள்ளது என்று நோட்டீஸ் வந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. பேங்கில் வந்தது மட்டும்தான் வருமானம் என்று நினைத்துவிட்டார்.

உங்கள் பட்டறையில் யாராவது இப்படி எழுதுவார்களா? கொடுத்த வெள்ளி எவ்வளவு, திரும்பி வந்த கொலுசு எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகத்தான் எழுதுகிறீர்கள். வீடியோ வருமானமும் அதே மாதிரிதான். மொத்தம், வழியில் பிடித்தது, கைக்கு வந்தது என்று மூன்று பத்திகள் வேண்டும்.

யூடியூப் பணத்தில் இது இன்னும் முக்கியம். ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். மகளுக்கு 400 டாலர் சேர்ந்திருக்கிறது. அதில் 80 டாலர் அமெரிக்காவில் இருந்து பார்த்தவர்கள் மூலம் வந்தது. அந்தப் பகுதிக்கு மட்டும் அமெரிக்க வரி பிடிப்பார்கள். யூடியூப் பணத்தை அனுப்பும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில், அமெரிக்கர் அல்லாதவர்கள் வரிக்காகத் தரும் W-8BEN படிவத்தை நிரப்பி, இந்திய வரி ஒப்பந்தத்தையும் குறிப்பிட்டிருந்தால் 15 சதவீதம், அதாவது 12 டாலர். படிவமே கொடுக்காமல் விட்டால் உலகம் முழுவதும் இருந்து வந்த மொத்தத் தொகையிலும் 24 சதவீதம் வரை பிடிக்க முடியும். 400-க்கு 96 டாலர் போய்விடும். அதனால் முதல் வேலையாக அந்தப் படிவம் இருக்கிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று மகள் பார்க்கட்டும்.

மீதி 388 டாலர் பேங்குக்கு வருகிறது. டாலர் 88 ரூபாய் என்றும், பேங்க் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 354 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால் பாஸ்புக்கில் 33,790 விழும். நோட்டில் எழுத வேண்டியது அது மட்டும் இல்லை. மொத்த வருமானம் 35,200, அமெரிக்க வரி 1,056, பேங்க் கட்டணம் 354, கைக்கு வந்தது 33,790. பேங்க் கட்டணம் தொழில் செலவு. வெளிநாட்டு வரியை அப்படிச் செலவில் சேர்க்கக் கூடாது, அதற்குத் தனிப் பத்தி.

ஆட்சென்ஸ் பணம் பொதுவாக மாதத்தின் 21-க்கும் 26-க்கும் இடையில் அனுப்பப்படும். அதனால் மாதக் கடைசி ஞாயிறு காலை இந்த வேலைக்கு வசதியான நேரம். ஆட்சென்ஸில் `Transactions` பக்கத்தைத் திறந்து அந்த மாத விவரத்தை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றை பேங்கில் கேட்டு அதே ஃபோல்டரில் போட வேண்டும். இந்தத் தொழிலுக்கென்று தனியாக ஒரு பேங்க் கணக்கும், அதோடு இணைந்த யு.பி.ஐ.யும் இருந்தால் ஞாயிறு வேலை சீக்கிரம் முடியும். இப்போது அப்பா மளிகைக்கு அனுப்பிய பணமும், நகைக்கடை விளம்பரத்துக்கு அனுப்பிய பணமும் ஒரே கணக்கில் கிடக்கின்றன. அதைப் பிரிக்கத்தான் போன வருடம் இரண்டு நாள் ஆனது.

பணமாக வராததும் வருமானம்தான். ஒரு கம்பெனி 32,000 ரூபாய் செல்போனைக் கொடுத்து, "பேசிட்டு நீங்களே வெச்சுக்கங்க" என்று சொன்னால் அந்த 32,000 ரூபாயும் வரவில் ஏற வேண்டும். ஒரு வருடத்தில் ஒரு கம்பெனி கொடுக்கும் இப்படிப்பட்ட பொருள்களின் மதிப்பு 20,000-ஐத் தாண்டினால் 10 சதவீத வரியை அந்தக் கம்பெனி உறுதி செய்ய வேண்டும். போன் கொடுத்த கம்பெனி உங்கள் மகளிடம் 3,200 கேட்டது அதற்காகத்தான், யாரும் ஏமாற்றவில்லை. வீடியோ எடுத்துவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அது வருமானம் இல்லை. ஆனால் திருப்பிக் கொடுத்த கூரியர் ரசீதை வைத்திருக்க வேண்டும்.

இப்போது செலவு. இங்கே நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன், ஏனென்றால் நஷ்டம் உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. கேமராவை 90,000 ரூபாய்க்கு அப்பா கடையில் ரொக்கமாகக் கொடுத்து வாங்கியிருக்கிறார், பில்லும் அவர் பெயரில். பாசத்தில் செய்ததுதான். ஆனால் மகளின் தொழில் கணக்கில் அந்தக் கேமராவுக்கு இடமில்லை. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைத் தொழில் செலவாகவோ பொருளின் அடக்கவிலையாகவோ ஏற்க மாட்டார்கள். மகள் பெயரில் பில் போட்டு அவர் கணக்கில் இருந்து கொடுத்திருந்தால், முதல் வருடத்திலேயே தேய்மானமாக 15 சதவீதம், அதாவது 13,500 ரூபாய் கழித்திருக்கலாம். வாங்கிய வருடத்தில் 180 நாளுக்கும் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான். வீடியோ எடிட் செய்யும் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் உண்டு. இனி அப்பா உதவ நினைத்தால் பணத்தை மகளின் கணக்குக்கு அனுப்பட்டும், மகள் வாங்கட்டும்.

சின்னச் செலவுகளுக்குப் பில் கிடைக்காது என்கிறார் மகள். உண்மைதான், தட்டுவடை செட் கடைக்காரர் பில் போட மாட்டார். யு.பி.ஐ.யில் கொடுத்துவிட்டு, தேதி, கடை இருக்கும் தெரு, எந்த வீடியோவுக்காக என்று ஒரு வரி எழுதினால் போதும். ஏற்காட்டுக்கு வண்டி வாடகை கொடுத்தால் அன்று அங்கே எடுத்த வீடியோவின் பெயரையும் பக்கத்தில் எழுத வேண்டும். குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை மேலே போய் லேடீஸ் சீட்டில் நின்று ஒரு நிமிடம் படம் எடுத்துவிட்டு, அன்றைய சாப்பாட்டுச் செலவு முழுவதையும் தொழிலில் சேர்க்கக் கூடாது. வீட்டு இன்டர்நெட், போன் போன்ற பொதுச் செலவில் தொழிலுக்கான பங்கை மட்டும் எடுத்து, அதை எப்படிப் பிரித்தோம் என்று ஒரு முறை எழுதி வைத்து, ஒவ்வொரு மாதமும் அதையே பின்பற்ற வேண்டும். கேமரா பிடிக்கும் அத்தை மகனுக்குக் கொடுப்பதும் பேங்க் வழியாகவே போகட்டும், அவர் கையெழுத்திட்ட வவுச்சர் ஒன்றும் இருக்கட்டும்.

2025-26 நிதியாண்டை இப்படி வைத்துப் பார்ப்போம். மேலே சொன்ன மாதம் மாதிரியே 12 மாதமும் வந்தால் யூடியூப் 4,22,400. 60,000 வீதம் மூன்று விளம்பரங்கள் 1,80,000. போன் 32,000. மொத்தம் 6,34,400. அதே வருடத்துக்கு பேங்கில் விழுந்தது 5,67,480 மட்டுமே. பாஸ்புக்கை மட்டும் பார்த்து எழுதினால் 66,920 ரூபாய் வருமானம் விட்டுப் போகும்.

ஆதாரமுள்ள செலவும் தேய்மானமும் 1,54,400 என்றால் லாபம் 4,80,000. புதிய வரிமுறையில் 4 லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். ஆனால் 12 லட்சம் வரையிலான இப்படிப்பட்ட வருமானத்துக்குத் தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். விளம்பரங்களில் பிடித்த 18,000-மும் போனுக்கான 3,200-ம் திரும்பி வரும். அமெரிக்காவில் பிடித்த 12,672 மட்டும் வராது. இங்கே கட்ட வேண்டிய வரியில்தான் அதைக் கழிக்கலாம், இங்கே வரியே இல்லாதபோது கழிக்க ஒன்றும் இல்லை. வருமானம் கூடி இங்கே வரி கட்டும் நிலை வந்தால், அதற்குரிய படிவத்தோடு அந்தத் தொகையைக் கழிக்கக் கேட்கலாம். அன்றைக்கு மாதவாரி விவரம் கையில் இருக்க வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் அதற்குப் பிறகான வருமானத்துக்குப் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும், நோட்டில் எழுதும் முறை மாறாது.

வருமானத்தில் ஒரு பங்கை லாபமாகக் காட்டிவிட்டுச் செலவுக் கணக்கே இல்லாமல் முடிக்கும் சுருக்கு வழியைப் பற்றி ஆடிட்டர் சொல்லியிருப்பார். மகளின் வேலைக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அதிலும் மொத்த வரவு சரியாக இருக்க வேண்டும், அதனால் வரவு நோட்டுக்கு விடுமுறை இல்லை. செலவு நோட்டையும் விட வேண்டாம் என்பேன். "இதுல நிஜமா மிச்சம் எவ்வளவு?" என்ற பெரியப்பாவின் கேள்விக்கு அதில்தான் பதில் கிடைக்கும்.

மகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கணக்கை அம்மாவோ ஆடிட்டரோ எழுதக் கூடாது, நீங்களே எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருமான வரித் தளத்தில் நுழைந்து உங்கள் வரவு, பிடித்த வரி பற்றித் துறையிடம் உள்ள விவரங்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ். அறிக்கையைத் திறந்து, உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். விளம்பரம் கொடுத்தவர் பிடித்த வரி அதில் தெரியவில்லை என்றால் பான் எண்ணைத் தவறாகப் போட்டிருக்கலாம், அல்லது பிடித்ததை இன்னும் கட்டாமலே இருக்கலாம். உடனே கேட்டால் திருத்திவிடுவார்கள், ஒரு வருடம் கழித்துக் கேட்டால் போனையே எடுக்க மாட்டார்கள். வருடத்து வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். வெளிநாட்டில் இருந்து வரும் பணமும் அந்தக் கணக்கில் சேரும்.

அம்மா, எம்.பி.ஏ. விண்ணப்பத்தை இந்த வருடம் வாங்க வேண்டாம். அடுத்த மார்ச் 31 வரை மகள் நோட்டு எழுதட்டும். பிறகு அந்த நோட்டோடு, பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.